சூப் கொட்டியது, கடிதமும் சுட்டது

எங்கள் குடியிருப்பில் எதிர்வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எனக்கு மூன்று வயது மூத்தவர். காலையில் பால் வாங்கப் போகும்போது பார்த்துக்கொண்டால் அரை மணி நேரம் நின்று பேசாமல் இருவரும் நகர்ந்ததில்லை. போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, பேச்சே இல்லாமல் ஒரு காகிதத்தை என்னிடம் நீட்டினார். “நீங்க இன்ஷூரன்ஸ்ல இருந்தவர்தானே. இதுக்கு என்ன அர்த்தம்னு சொல்லுங்க” என்றார்.

அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, அவருடைய மகன், மருமகள், நான்கு வயதுப் பேத்தி எல்லோரும் அவரோடு இரவுச் சாப்பாட்டுக்கு வெளியே போயிருந்தார்கள். நம் ஊரில் பெயர் சொன்னால் எல்லோருக்கும் தெரிகிற உணவகம்தான். பெயரை எழுதப் போவதில்லை. ஏன் என்பது கட்டுரையைப் படித்து முடிக்கும்போது புரியும். ஆறு கிண்ணம் ஸ்வீட் கார்ன் சூப்பை ஒரே தட்டில் வைத்துக்கொண்டு வந்த பையன், குழந்தையின் பின்பக்கமாக நின்று பரிமாறியிருக்கிறான். தட்டு சாய்ந்து இரண்டு கிண்ணம் குழந்தையின் இடது கையிலும் தொடையிலும் கொட்டிவிட்டது.

ஐந்தாம் நாள் கடை அனுப்பிய கடிதம்தான் அந்தக் காகிதம். சாரம் இதுதான்: “தாங்கள் வருகை தந்தபோது, தங்கள் குழந்தை எதிர்பாராத விதமாக அசைந்ததால் ஏற்பட்ட சிறு சம்பவத்திற்கும், அதனால் தங்களுக்கு நேர்ந்த அசௌகரியத்திற்கும் வருந்துகிறோம். சம்பந்தப்பட்ட ஊழியர் பணியிலிருந்து நீக்கப்பட்டுவிட்டார். நல்லெண்ண அடிப்படையில் அடுத்த வருகைக்கு 25 சதவீதத் தள்ளுபடிக் கூப்பன் இணைத்துள்ளோம். இதை இறுதித் தீர்வாக ஏற்று, இணைப்பில் கையொப்பமிட்டு அனுப்பவும்.”

படித்ததும் எனக்குக் கோபம் வரவில்லை. வெட்கம்தான் வந்தது. காரணம், இந்த மாதிரிக் கடிதம் எனக்குப் புதிதல்ல. பொதுக் காப்பீட்டு நிறுவனத்தில் உரிமைக்கோரிக்கைப் பிரிவில் முப்பத்தோரு வருடம் இருந்தவன் நான். ஹோட்டல்காரர்கள், திருமண மண்டபக்காரர்கள், சினிமா கொட்டகைக்காரர்கள் எடுக்கிற ‘பப்ளிக் லயபிலிட்டி’ பாலிசிகளைப் பார்த்துக்கொண்டவன். “எதையும் ஒத்துக்கொண்டு எழுதிவிடாதீர்கள், ‘அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்’ என்று மட்டும் போடுங்கள்” என்று நானே எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்தச் சொல் வாங்குகிறவர் கையில் எப்படி இருக்கும் என்று இத்தனை வருடத்தில் நான் பார்த்ததே இல்லை. அன்று பார்த்தேன். ஒரு தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “அசௌகரியம்னா ஃபேன் ஓடலைன்னா சொல்றது இல்லையா சார்?” என்று கேட்டார்.

இந்தக் கடிதத்தில் என்ன தப்பு, எப்படி எழுதியிருக்க வேண்டும் என்று சொல்வதற்கு முன், அந்த இரவு என்ன நடந்தது என்பதைச் சொல்ல வேண்டும். நல்ல மன்னிப்புக் கடிதம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஸ்வீட் கார்ன் சூப்பில் சோள மாவு கரைத்துக் கெட்டியாக்குவார்கள். தண்ணீர் கொட்டினால் ஓடிவிடும். இது ஒட்டிக்கொள்ளும், சூட்டையும் விடாது. அடுப்பிலிருந்து நேராக மேசைக்கு வருகிற சூப் கடும் சூடாக இருக்கும். 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரே பெரியவர்கள் தோலைச் சில விநாடிகளில் ஆழமாகப் புண்ணாக்கிவிடும். குழந்தையின் தோல் மெல்லியது, அதைவிடச் சீக்கிரம் வெந்துவிடும். ஆகவே “சிறு சம்பவம்” என்பது சூப்பின் அளவைப் பார்த்துச் சொன்ன வார்த்தை. தோலைப் பார்த்துச் சொன்னதல்ல.

கொட்டியவுடன் செய்ய வேண்டியது, சூப் ஊறிய துணியை உடனே கழற்றிவிட்டு, குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் புண்ணின் மேல் ஓடவிடுவது. குழந்தைக்கு உடம்பு குளிர்ந்துவிடாமல் மற்ற இடத்தைப் போர்த்திக்கொள்ள வேண்டும். துணி தோலோடு ஒட்டியிருந்தால் மட்டும் பிய்க்கக் கூடாது. அந்தக் கடையில் என்ன செய்தார்கள்? மேலாளர் ஓடிப்போய் ஜூஸ் கவுண்டரிலிருந்து ஐஸ் கட்டிகளைத் துணியில் கட்டிக் கொண்டுவந்து வைத்தார். இன்னொருவர் பேஸ்ட் தடவினார். நல்ல எண்ணம்தான். நம் காலத்தில் இங்க் ஊற்றினோம், இட்லி மாவு அப்பினோம். யாரையும் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் ஐஸ் ரத்தக் குழாய்களைச் சுருக்கிப் புண்ணை ஆழமாக்கும். பேஸ்ட்டை மருத்துவமனையில் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும். அப்படித்தான் ஆயிற்று. குழந்தை கொட்டியபோது அழுததைவிட, பேஸ்ட்டை எடுத்தபோது அதிகம் அழுதது என்று தாத்தா சொன்னார்.

மருத்துவர் பார்த்துச் சொன்னது: குழந்தையின் உள்ளங்கையால் அளந்தால் மூன்று உள்ளங்கை அகலம், அதாவது உடம்பில் ஏறத்தாழ மூன்று சதவீதம். கொப்புளம் எழும்பிய புண். எவ்வளவு ஆழம் என்பது முதல் நாளிலேயே தெரியாது, இரண்டு மூன்று நாளில் மாறும். இரண்டு வாரத்துக்குள் ஆறினால் பெரும்பாலும் வடு இருக்காது. மூன்று வாரம் தாண்டினால் வடு விழ வாய்ப்பு அதிகம்.

இந்தக் கடைசி வாக்கியத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடை ‘இறுதித் தீர்வு’ என்று கையெழுத்துக் கேட்டது ஐந்தாம் நாளில். புண் ஆறுமா, வடு விழுமா என்று மருத்துவருக்கே தெரியாத நாள் அது. காப்பீட்டில் இருந்தவன் என்கிற முறையில் வாசகர்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே கண்டிப்பான ஆலோசனை இதுதான்: தீக்காயத்துக்கு, அதுவும் குழந்தையின் காயத்துக்கு, ஆறி முடிவதற்குள் யார் நீட்டுகிற காகிதத்திலும் ‘முழுமையும் இறுதியுமாக’ என்று கையெழுத்துப் போடாதீர்கள். கூப்பனுக்காக மட்டுமல்ல, காசோலைக்காகவும் போடாதீர்கள்.

மறுநாள் நானும் தலைமையாசிரியரும் அந்தக் கடைக்குப் போனோம். முதலாளி நாற்பது வயதுக்காரர். அப்பா தொடங்கிய கடையை நடத்துகிறார். அப்பாவை எனக்குத் தெரியும். கல்லாவில் உட்கார்ந்தபடியே வாசலில் வருகிறவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மனிதர். மகன் எழுந்து நின்று, “உட்காருங்க ஐயா” என்றார். தலைமையாசிரியர் உட்காரவில்லை. நான் உட்கார்ந்தேன்.

“மன்னிப்புன்னு எழுதினா தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும், இன்ஷூரன்ஸ் கிடைக்காதுன்னு சொன்னாங்க சார். அதான் அப்படி எழுதிட்டோம்” என்றார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. பாலிசியில் ஒரு நிபந்தனை இருக்கும்: காப்பீட்டு நிறுவனத்தின் எழுத்துபூர்வமான சம்மதமில்லாமல் பொறுப்பை ஒத்துக்கொள்ளவோ, தொகை தருவதாக வாக்களிக்கவோ கூடாது. அதே பாலிசியில் இன்னொரு நிபந்தனையும் இருக்கும்: விபத்து நடந்தால் உடனே நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். “கம்பெனிக்குச் சொன்னீங்களா?” என்று கேட்டேன். சொல்லவில்லை. பாலிசிக்குப் பயந்து மனிதாபிமானத்தை மடக்கி வைத்தவர், பாலிசி உண்மையில் கேட்ட வேலையைச் செய்யவில்லை. என் அனுபவத்தில் தாமதமாகச் சொன்னதற்காகத் தகராறான கோப்புகள் நிறைய. ‘மன்னித்துக்கொள்ளுங்கள்’ என்று எழுதியதற்காக மறுக்கப்பட்ட கோப்பு ஒன்றுகூட என் மேசைக்கு வந்ததில்லை.

நடந்ததை நடந்தபடி எழுதுவது வேறு, ‘சட்டப்படி நான் பொறுப்பு, இத்தனை லட்சம் தருகிறேன்’ என்று எழுதுவது வேறு. நிபந்தனை தடுப்பது இரண்டாவதை. பிரிட்டனில் 2006-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம், மன்னிப்புக் கேட்பதோ சிகிச்சை செய்து தர முன்வருவதோ மட்டுமே அலட்சியத்தை ஒத்துக்கொண்டதாக ஆகாது என்று சொல்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்திலும் அதே ஆண்டு மன்னிப்புக்கென்றே ஒரு சட்டம் வந்தது. நம் நாட்டில் அப்படிப் பொதுவான சட்டம் இல்லை என்பது உண்மை. ஆனால் பணியாள் வேலை நேரத்தில் செய்த தவறுக்கு முதலாளி பொறுப்பு என்பதை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நிரூபிக்க, மன்னிப்புக் கடிதம் தேவையே இல்லை. தட்டு கடையுடையது, பையன் கடையுடையவன், சூப் கடையுடையது. இதில் ஒளித்து வைக்க என்ன இருக்கிறது?

“கேமரா இருக்கா?” என்று கேட்டேன். இருந்தது. பல கடைகளில் சில வாரங்களில் பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிடும் என்பதால், முதலில் அதைத் தனியாக எடுத்து வைக்கச் சொன்னேன். பிறகு மூவருமாக உட்கார்ந்து பார்த்தோம். தலைமையாசிரியரும் அப்போதுதான் உட்கார்ந்தார்.

குழந்தை அசையவில்லை. காகித நாப்கினில் பேனாவால் ஏதோ வரைந்துகொண்டிருந்தது. பையன் ஒரு கையில் ஆறு கிண்ணத் தட்டு, இன்னொரு கையில் ஒரு கிண்ணத்தை எடுத்து, குழந்தையின் தலைக்கு மேலாக எதிர்ப்பக்கம் நீட்டினான். ஒரு கிண்ணம் குறைந்ததும் தட்டின் பாரம் ஒருபக்கம் சாய்ந்தது. மற்றவை சறுக்கின. அவ்வளவுதான். முதலாளி இரண்டாம் முறை ஓட்டிப் பார்க்கவில்லை. “குழந்தை அசைஞ்சுதுன்னு பையன் சொன்னான் சார்” என்றார் மெதுவாக. தலைமையாசிரியர், “பயத்துல சொல்லியிருப்பான். நீங்க பார்த்துட்டு எழுதியிருக்கணும்” என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

அன்று இரண்டு பரிமாறுகிறவர்கள் வரவில்லை. அந்தப் பையன் பன்னிரண்டு மேசை பார்த்துக்கொண்டிருந்தான். வேலைக்கு வந்து மூன்று வாரம். சூடான பண்டத்தை எப்படிப் பரிமாற வேண்டும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. அவனை நீக்கியதைக் கடை ஒரு பரிகாரம்போலக் கடிதத்தில் எழுதியிருந்தது. தலைமையாசிரியரின் மனைவி அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் அதிகம் கலங்கினாராம். “நம்ம பாப்பாவால ஒரு பிள்ளைக்கு வேலை போச்சே” என்று. காயம்பட்ட வீட்டின் தலையில் இன்னொரு பாரத்தை ஏற்றுவதுதான் அந்த வரி செய்த வேலை.

1992-இல் அமெரிக்காவின் ஆல்புகர்க்கி நகரத்தில் ஸ்டெல்லா லீபெக் என்ற 79 வயது மூதாட்டியின் மடியில், ஒரு பெரிய உணவக நிறுவனத்தின் காபி கொட்டியது. தோல் ஒட்டு சிகிச்சை செய்யும் அளவுக்குக் காயம். அவர் முதலில் கேட்டது சுமார் 20,000 டாலர். நிறுவனம் தர முன்வந்தது 800 டாலர். வழக்கு நடந்து, 1994-இல் ஜூரிகள் 28 லட்சம் டாலருக்கு மேல் தரச் சொன்னார்கள். நீதிபதி அதை வெகுவாகக் குறைத்தார், பிறகு இருதரப்பும் சமாதானமானார்கள். காபிக்கு இவ்வளவா என்று உலகம் அந்த அம்மாளைக் கேலி செய்தது. எனக்கு அந்த 800-தான் கண்ணில் படுகிறது. 25 சதவீதக் கூப்பனும் அதே சாதி. பேத்தியைச் சுட்ட மேசைக்கே மறுபடி வந்து, முக்கால் பங்குப் பணம் கட்டிச் சாப்பிடுங்கள் என்று சொல்கிறது அது.

முதலாளி ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் முன் வைத்தார். “நீங்களே சொல்லுங்க சார், எழுதிடறேன்” என்றார். நான் மறுத்துவிட்டேன். முப்பத்தோரு வருடம் சொல்லிக்கொடுத்தது போதும். “கேமராவில் பார்த்ததை எழுதுங்க. நீங்க மாத்தினதை எழுதுங்க. கையெழுத்துக் கேக்காதீங்க. கம்பெனிக்கு இன்னைக்கே மெயில் போடுங்க” என்று மட்டும் சொன்னேன். சிகிச்சைச் செலவைக் கடை தன் கையிலிருந்து நல்லெண்ணமாகக் கொடுக்கிறது என்று மெயிலில் தெரிவித்தார். கிளையிலிருந்து ஆட்சேபணை இல்லை என்று இரண்டு நாளில் பதில் வந்தது.

அதன்பின் வந்த இரண்டாம் கடிதத்தை, இருவர் அனுமதியோடும் இங்கே தருகிறேன். அவர் கையால் எழுதியது:

“மதிப்பிற்குரிய ஐயா, கடந்த ஞாயிறு இரவு எங்கள் பணியாளர் சூடான சூப்பைத் தங்கள் பேத்தியின் தலைக்கு மேலாகப் பரிமாறியபோது, அது குழந்தையின் கையிலும் தொடையிலும் கொட்டிவிட்டது. குழந்தை அசைந்ததாக முதல் கடிதத்தில் எழுதியது பொய். கேமராவைப் பார்த்தேன். குழந்தை படம் வரைந்துகொண்டிருந்தது. எழுதுவதற்கு முன் நான் பார்க்கவில்லை. அதற்கும் மன்னிப்புக் கேட்கிறேன்.

அன்று ஆள் குறைவாக இருந்தும் ஹாலை முழுதாகத் திறந்து வைத்தது என் முடிவு. புதிய பையனுக்குப் பயிற்சி தராததும் என் தவறு. அவனைத் திரும்ப வேலைக்கு அழைத்திருக்கிறேன். ஐஸும் பேஸ்ட்டும் வைத்ததால் குழந்தைக்கு வலி கூடியது என்று அறிந்தேன். அதற்கு வருந்துகிறேன்.

இதுவரையான மருத்துவச் செலவு 6,840 ரூபாயை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். புண் ஆறும்வரையிலும், வடு இருந்தால் அதன் சிகிச்சைக்கும் ஆகும் செலவுக்கு ரசீதை எனக்கே அனுப்புங்கள். இதற்காகத் தாங்கள் எதிலும் கையெழுத்திட வேண்டாம். தங்கள் சட்ட உரிமை எதையும் இது குறைக்காது.

இன்றுமுதல் சூப்பை ஒரே தட்டில் நான்கு கிண்ணத்துக்கு மேல் எடுப்பதில்லை. தட்டைப் பக்க மேசையில் வைத்த பிறகே பரிமாறுகிறோம். குழந்தை இருக்கும் பக்கத்திலிருந்து சூடான எதையும் நீட்டுவதில்லை. சமையலறைக் குழாய் அருகே தீக்காயத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று எழுதி ஒட்டியிருக்கிறோம். என் கைபேசி எண் கீழே உள்ளது. குழந்தையை வந்து பார்க்கத் தாங்கள் அனுமதித்தால் வருகிறேன்.”

இலக்கணப் பிழை இரண்டு இருந்தது. தலைமையாசிரியர் சிவப்பு மையில் திருத்தாமல் விட்ட முதல் கடிதம் அதுவாகத்தான் இருக்கும்.

இதில் ஒரு வரிகூடச் சட்டத்துக்கு ஆபத்தானதல்ல என்று நான் சொல்ல மாட்டேன். “என் தவறு” என்று இருக்கிறது. வழக்குப் போட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் படித்துக் காட்டலாம். பழைய வேலையில் இருந்திருந்தால் அந்த வரியை அடித்திருப்பேன். ஆனால் கேமராப் பதிவு இருக்கிற இடத்தில் அந்த வரி புதிதாக எதையும் கொடுத்துவிடவில்லை. அதை அடித்திருந்தால் கடிதமே செத்திருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தாலும் லாபம் எழுதினவருக்குத்தான். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது, இந்த மாதிரிச் சிறிய பில்லுக்குக் கட்டணமும் இல்லை. முதல் கடிதம் வந்த அன்று மகன் வக்கீலைப் பார்க்கக் கிளம்பியிருந்தார். இரண்டாம் கடிதத்துக்குப் பிறகு போகவில்லை. போக உரிமை இன்னும் இருக்கிறது, அதைக் கடிதமே சொல்கிறது.

பெரிய கடைகளுக்கு இது நடக்காது, அங்கே கடிதம் எழுதுகிறவர் ஒருவர், தட்டைத் தூக்குகிறவர் ஒருவர், முடிவெடுப்பவர் வேறு ஊரில் என்று சிலர் சொல்லலாம். சரிதான். ஆனால் அங்கும் கேமராவைப் பார்த்துவிட்டு எழுதலாம். குழந்தைமேல் பழியைப் போடாமல் இருக்கலாம். கூப்பனை எடுத்துவிடலாம். இவை எதற்கும் தலைமை அலுவலகத்தின் அனுமதி தேவையில்லை என்றுதான் நினைக்கிறேன்.

புண் பதினாறாம் நாள் மூடியது. முழங்கைக்குக் கீழே தோல் மட்டும் சற்று வெளிறியிருக்கிறது. வெயில் படாமல் பார்த்துக்கொண்டு, சில மாதம் கவனிக்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். முதலாளி ஒரு மாலை வந்திருந்தார், கூட அந்தப் பையனும். பையன் வாசலிலேயே நின்றான். குழந்தை உள்ளே ஓடிப்போய் ஒளிந்துகொண்டது, கடைசிவரை வெளியே வரவில்லை. தலைமையாசிரியர் அவனை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, எத்தனை வகுப்பு படித்தாய் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கடையின் பெயரை ஏன் எழுதவில்லை என்று இப்போது புரிந்திருக்கும். முதல் கடிதத்தோடு நின்றிருந்தால் ஒருவேளை எழுதியிருப்பேன். என் அலமாரியில் பழைய மாதிரிக் கடிதங்களின் கோப்பு ஒன்று இருந்தது. ஓய்வு பெறும்போது ஞாபகார்த்தமாக எடுத்து வந்தது. அதில் ‘அசௌகரியம்’ எத்தனை இடத்தில் இருக்கிறது என்று எண்ண ஆரம்பித்து, பத்தாவது பக்கத்தில் நிறுத்திவிட்டேன். அடுத்த முறை பழைய பேப்பர்காரர் வரும்போது போட்டுவிடலாம் என்று வராந்தாவில் வைத்திருக்கிறேன்.